அம்மாவின் பிஸ்கட் டின்: ஒன்பது வருடத் தூக்க மாத்திரையை எப்படிக் குறைப்பது?

பால்மரத்து மகள் | மார்ச் 3, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது வேலை ஈப்போவில். அம்மாவுக்கு 74 வயது. முப்பத்தெட்டு வருடம் பால்மரம் சீவியவர். தோட்டத்தை விட்டு வந்ததிலிருந்து பட்டணத்தில் மலிவு விலை வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார்.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போன அம்மா வாசற்படியிலேயே விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், "அம்மா என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை. வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவின் பிஸ்கட் டின்னைப் பாயில் கொட்டினேன். அரசாங்கக் கிளினிக் மருந்து, தனியார் கிளினிக் மருந்து, கடையில் வாங்கியது என்று எல்லாம் கலந்து கிடந்தன. ஒரு பிளாஸ்டிக் பையில் எழுத்தே அழிந்து போயிருந்தது. அதைப் பார்மசியில் காட்டித்தான் தெரிந்துகொண்டேன்: லோராசெபாம் 1 மில்லிகிராம், தூக்க மாத்திரை. அப்பா இறந்தபோது "கொஞ்ச நாளைக்கு" என்று கொடுத்தது. ஒன்பது வருடம் ஆகிறது.

வயதானவர்களின் மருந்தையெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பார்த்து, வேண்டாததை எடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். இங்கே யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா? இந்தத் தூக்க மாத்திரையை இன்று ராத்திரியே நிறுத்திவிடலாமா?

---

லோரி சேகர் | மார்ச் 3, இரவு 10.15

நிறுத்திடுங்க அக்கா, யோசிக்கவே வேண்டாம். என் மாமாவும் இப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் எல்லாவற்றையும் தூக்கி வீசினார், ஒன்றும் ஆகவில்லை. இதெல்லாம் பழக்கம்தான். சூடாகப் பால், தலைக்கு நல்லெண்ணெய், அவ்வளவுதான். முதல் நாலைந்து நாள் தூக்கம் வராவிட்டால் அரிப்புக்குக் கொடுக்கிற மஞ்சள் மாத்திரை ஒன்று கொடுங்கள், நல்லாத் தூங்குவார்.

---

கவுண்டர் அக்கா | மார்ச் 4, காலை 7.05

சேகர் தம்பி, மாமாவுக்கு ஒன்றும் ஆகாதது நல்ல காலம். அவர் எத்தனை நாள் சாப்பிட்டார், எந்த மாத்திரை என்று நமக்குத் தெரியாது. ஒன்பது வருடம் சாப்பிட்டவருக்கு அப்படிச் செய்யவே கூடாது.

நான் 27 வருடம் அரசாங்கக் கிளினிக் மருந்துக் கவுண்டரில் நின்றவள், இப்போது ஓய்வு. லோராசெபாம், டயாசெபாம், அல்பிரசோலாம் எல்லாம் ஒரே குடும்பம். வருடக் கணக்கில் சாப்பிட்டால் மூளை அந்த மாத்திரையை வைத்துத்தான் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளப் பழகுகிறது. ஒரே நாளில் பிடுங்கினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். சிலருக்குக் குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். அதனால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், டாக்டருக்குத் தெரிந்துதான் குறைக்க வேண்டும். "பழக்கம்தான்" என்று தம்பி சொன்னதில் பாதி உண்மை. ஆனால் இது உடம்பின் பழக்கம். மனசை உறுதியாக்கிக்கொண்டால் மட்டும் போகாது.

அந்த மஞ்சள் மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அதுவும் தூங்கவைக்கும் மருந்துதான். வயதானவர்களுக்கு வாய் வறளும், மலம் இறுகும், சிறுநீர் நின்றுவிடும், புத்தி கலங்கும். ஒரு தூக்க மாத்திரையை எடுத்துவிட்டு இன்னொன்றை உள்ளே விடுவதற்குப் பெயர் குறைப்பது இல்லை.

மகளே, டின்னில் உள்ளது எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, எத்தனை வருடமாக, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று வேண்டும். மணி முக்கியம்.

---

பால்மரத்து மகள் | மார்ச் 4, இரவு 8.50

நன்றி அக்கா. தம்பி மனைவியிடம் கேட்டு எழுதினேன்.

அரசாங்கக் கிளினிக் கொடுப்பது: பிரஷருக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் காலையில், இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் இரண்டு வேளை, கொழுப்புக்கு ஒன்று ராத்திரி. தனியார் கிளினிக் கொடுத்தது: கால் வீக்கத்துக்கு ஃபுரூசெமைட் 40 மில்லிகிராம், காலையில் ஒன்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்று, இரண்டு வருடமாக. தூக்க மாத்திரையும் அங்கேதான், அது ராத்திரி எட்டரைக்கு. கடையில் வாங்குவது: சேகர் சொன்ன அதே மஞ்சள் மாத்திரை, கால் அரிப்புக்கு, வாரத்தில் நாலைந்து நாள். ஒரு டாக்டர் கொடுத்தது இன்னொரு டாக்டருக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் அம்மா விடியற்காலை மூன்றரைக்கு எழுந்துவிடுகிறார். "தூக்கமே இல்லம்மா" என்பார். போன வருடம் மாத்திரையை இரண்டாக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று நானே நினைத்தேன்.

---

கவுண்டர் அக்கா | மார்ச் 5, காலை 6.40

ராத்திரி இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். உங்கள் அம்மாவைப் போல எத்தனை பேர் என் கவுண்டரில் நின்றிருக்கிறார்கள்.

முதலில் கால் வீக்கம். அம்லோடிபின் 10 மில்லிகிராம் சாப்பிடும் பலருக்குக் கணுக்கால் வீங்கும். நோயால் வருவதில்லை, மாத்திரையின் வேலை அது. அதைத் தெரியாமல் வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்திருக்கலாம். இந்த வகை வீக்கத்தை நீர் மாத்திரை சரியாகக் குறைக்கவும் செய்யாது. ஆனால் ஐந்து மணிக்குச் சாப்பிட்டால் ராத்திரி எழுந்து எழுந்து போகவைக்கும். அம்மா இரண்டு மணிக்கு எழுந்தது எதற்கு? சிறுநீருக்குத்தானே? எட்டரைக்குச் சாப்பிட்ட தூக்க மாத்திரை அந்த நேரத்தில் இன்னும் உடம்பில் இருக்கும். பாதித் தூக்கத்தில், கால் தளர்ந்து, இருட்டில் நடந்திருக்கிறார். வாசற்படி வழுக்கியது என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள். எனக்கென்னவோ அந்த விழுகை காலையில் சாப்பிட்ட பிரஷர் மாத்திரையிலேயே ஆரம்பித்துவிட்டதாகத்தான் தோன்றுகிறது.

இதை நான் ஊகமாகத்தான் சொல்கிறேன். இருதயம், சிறுநீரகம் காரணமாகவும் கால் வீங்கும். அப்படியிருந்தால் நீர் மாத்திரையை நிறுத்தவே கூடாது. டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் முடிவு.

அடுத்தது தூக்கம். அம்மா படுப்பது எட்டரை, எழுவது மூன்றரை. எண்ணிப் பாருங்கள், ஏழு மணி நேரம்! 74 வயதில் அது நல்ல தூக்கம். முப்பத்தெட்டு வருடம் விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் வரிசைக்கு, போய் நின்ற உடம்பு. பெரட்டு நின்று எத்தனையோ வருடமாகியும் அந்த மணி உடம்புக்குள் அடித்துக்கொண்டிருக்கிறது. அதை வியாதி என்று நினைத்து ஒன்பது வருடம் மாத்திரை கொடுத்திருக்கிறோம். மாத்திரையை இரண்டாக்கியிருந்தால் மணிக்கட்டோடு போயிருக்காது.

---

செம்பனை ராஜா | மார்ச் 5, மதியம் 1.20

அக்கா, நல்ல வேளை இதைப் படித்தேன். என் அப்பாவுக்கு 68. அவரும் குளோனாசெபாம் சாப்பிடுகிறார், அதுவும் இந்தக் குடும்பம்தான் என்று பார்மசியில் சொன்னார்கள். இளம் வயதில் வலிப்பு வந்ததிலிருந்து சாப்பிடுகிறார், இப்போது வலிப்பே வருவதில்லை. அப்படியென்றால் தேவையில்லை என்றுதானே அர்த்தம்? இன்று முதல் பாதியாக உடைத்துக் கொடுக்கப் போகிறேன்.

---

கவுண்டர் அக்கா | மார்ச் 5, மதியம் 1.32

ராஜா, வேண்டாம்! இப்போதே அப்பாவுக்கு வழக்கமான அளவையே கொடுங்கள். அவருக்கு வலிப்பு வராமல் இருப்பதே அந்த மாத்திரையால்தான். தூக்கத்துக்குக் கொடுத்தது வேறு, வலிப்புக்குக் கொடுத்தது வேறு. அதில் கை வைப்பதென்றால் வலிப்பு பார்க்கும் டாக்டர் மட்டும்தான் வைக்க வேண்டும். மாத்திரையின் பெயரைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, எதற்குக் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

---

செம்பனை ராஜா | மார்ச் 5, மதியம் 1.50

சரி அக்கா, தொடவில்லை. அடுத்த தவணையில் டாக்டரிடமே கேட்கிறேன்.

---

எம்.ஏ. தம்பி | மார்ச் 6, இரவு 11.10

நான் வேறு மாநிலத்தில் ஒரு கிளினிக்கில் மருத்துவ உதவியாளர். பெரியவர்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரை நினைத்துக்கொண்டு என்னையும் "டிரெசர் ஐயா" என்பார்கள்.

அக்கா சொல்வது சரி. ஆனால் ஒரு மருந்தை ஏன் யாரும் நிறுத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரிசை நீளம். பிரஷர், சர்க்கரை பார்த்து, பழைய மருந்தை அப்படியே எழுதிக் கொடுப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். இன்னொரு டாக்டர் ஆரம்பித்ததில் கை வைக்கத் தயக்கமும் இருக்கிறது. அதனால் குடும்பம் கேட்டால்தான் நடக்கும். முழு டின்னையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பட்டியல் மட்டும் போதாது. காலி உறையும் வேண்டும், கடையில் வாங்கியதும் வேண்டும், சூரணம் லேகியம் இருந்தால் அதுவும் வேண்டும். பதிவு செய்யும்போதே "அம்மா விழுந்துவிட்டார், எல்லா மருந்தையும் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, அதற்கென்று தனியாக ஒரு நாள் கேளுங்கள். விழுந்தார் என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு.

குறைக்கும் கணக்கு சுலபம்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு குறைப்பது. கனடாவில் 2018-ல் வந்த வழிகாட்டி அப்படித்தான் சொல்கிறது.

---

கவுண்டர் அக்கா | மார்ச் 7, காலை 6.55

தம்பி, அந்த வழிகாட்டியே கடைசியில் இன்னும் சின்னப் படியாகக் குறைக்கச் சொல்கிறது. 2025-ல் அமெரிக்காவில் வந்தது இன்னும் மெதுவாக, இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் என்று ஆரம்பிக்கிறது. என் அனுபவம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஒன்றில் முக்காலாக்கும்போது உடம்பு இழப்பது நாலில் ஒரு பங்கு. அரையில் இருந்து காலாக்கும்போது கத்தி வெட்டுவது அதே துண்டுதான், ஆனால் உடம்புக்கு இருந்ததில் பாதி போகிறது. கடைசிப் படிதான் கஷ்டம்.

---

எம்.ஏ. தம்பி | மார்ச் 7, இரவு 10.30

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரொம்ப இழுத்தால் குடும்பம் சலித்துப்போய்ப் பாதியில் விட்டுவிடுகிறது, அதையும் பார்த்திருக்கிறேன். ஆளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

---

ராணியம்மா | மார்ச் 8, விடியற்காலை 4.15

பேத்தி இந்த இழையைக் காட்டினாள். நானும் ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவள்தான். வயது 71. பன்னிரண்டு வருடமாக அல்பிரசோலாம் சாப்பிடுகிறேன். வீட்டுக்காரர் போய்விட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். ராத்திரியில் எனக்குத் துணை அந்த மாத்திரைதான். நீங்கள் எல்லாரும் கூடிப் பேசி ஒரு கிழவியின் தூக்கத்தைப் பிடுங்குகிறீர்கள். அந்த அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா?

---

கவுண்டர் அக்கா | மார்ச் 8, காலை 7.30

அம்மா, நீங்கள் கேட்டதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நான் பட்டியலைக் கேட்டேன், அதைக் கேட்கவில்லை. தப்புதான்.

கனடாவின் கியூபெக்கில் ஒரு ஆய்வு நடந்தது, 2014-ல் வெளியானது. உங்களைப் போல வருடக் கணக்கில் இந்த மாத்திரை சாப்பிட்ட 303 பெரியவர்களில் ஒரு பகுதியினர் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். டாக்டரிடமும் கொடுக்கவில்லை, பிள்ளைகளிடமும் கொடுக்கவில்லை, சாப்பிடுபவர் கையிலேயே கொடுத்தார்கள். மாத்திரை என்ன செய்யும், எப்படிக் குறைக்கலாம் என்று அதில் இருந்தது. ஆறு மாதத்தில் நூற்றுக்கு 27 பேர் முழுதாக நிறுத்தினார்கள். புத்தகம் கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 5 பேர்தான். அவர்களுக்கே தெரியவைத்தால் அவர்களே முடிவு செய்கிறார்கள். மீதிப் பேர் நிறுத்தவில்லை, அதுவும் அவர்கள் முடிவுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ராத்திரி எழுந்து நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறீர்களா? காலையில் தலை கனக்கிறதா?

---

ராணியம்மா | மார்ச் 8, இரவு 7.45

சுவரைப் பிடிக்கிறேன். அது வயசு என்று நினைத்தேன்.

---

பால்மரத்து மகள் | மே 24, இரவு 9.20

இரண்டரை மாதமாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ராணியம்மா சொன்னதைப் படித்துவிட்டு அம்மாவிடமே போய்க் கேட்டேன். அம்மா, "உங்கப்பா போன ராத்திரியிலிருந்து சாப்பிடுறேன். இது நின்னா அந்த ராத்திரி திரும்பி வந்துடுமோன்னு பயம்" என்றார். ஒன்பது வருடத்தில் அப்பாவைப் பற்றி அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அம்மாவே, "சரி, டாக்டர்கிட்ட கேப்போம்" என்றார்.

பையோடு போனோம். டாக்டர் மாத்திரைகளை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். உட்காரவைத்து பிரஷர் பார்த்தார், நிற்கவைத்தும் பார்த்தார். நின்றதும் 26 இறங்கியது. இருதயம், சிறுநீரகம் இரண்டும் பரவாயில்லை என்று ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு சொன்னார். அம்லோடிபினை 5 ஆக்கி, கூடவே வேறு வகை பிரஷர் மாத்திரை ஒன்றைச் சிறிய அளவில் சேர்த்தார். சாயங்கால நீர் மாத்திரை முதலில் போனது. இரண்டு வாரத்தில் கணுக்கால் வடிய ஆரம்பித்தது, பிறகு காலை நீர் மாத்திரையும் போனது. தோல் வறட்சிதான் அரிப்புக்குக் காரணம், தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்றார். மஞ்சள் மாத்திரையும் டின்னை விட்டுப் போய்விட்டது.

தூக்க மாத்திரையை அப்போது தொடவே இல்லை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால், ஏதாவது ஆனால் எதனால் என்று தெரியாது என்றார். இப்போது அம்மா ராத்திரி எழுவது ஒரே ஒரு முறை. முன்பு நாலு முறை. மே 11 முதல் தூக்க மாத்திரை முக்கால் ஆகியிருக்கிறது. பார்மசியில் மாத்திரை வெட்டும் பெட்டி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி வாரத்துக்கானதை வெட்டி வைக்கிறாள். படுப்பதையும் பத்து மணிக்குத் தள்ளிவிட்டோம், மதியத் தூக்கம் அரை மணி நேரம்தான். நாளைக்கு அரை மாத்திரை.

---

பால்மரத்து மகள் | மே 29, காலை 5.50

அக்கா இருக்கிறீர்களா? அரையாக்கி நாலு நாள். நேற்று தேநீர்க் கோப்பை கையில் ஆடியது. வியர்க்கிறது. பல்லி கத்தினால்கூடக் காதைக் குத்துகிறது என்கிறார். பழைய தூக்கமின்மையே திரும்பி வந்துவிட்டதா?

---

கவுண்டர் அக்கா | மே 29, காலை 6.10

இருக்கிறேன். பழையது இப்படி வராது. அம்மாவுக்கு முன்பு கை நடுங்கியதா, சத்தம் குத்தியதா? இல்லையே. குறைத்த சில நாளில் புதிதாக வருவது, மாத்திரை குறைந்ததற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. இன்றைக்கே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். ஆளைத் தெரியாமல் பேசுவது, இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு, இதில் ஏதாவது வந்தால் போன் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

---

பால்மரத்து மகள் | ஜூன் 27, இரவு 9.00

டாக்டர் அன்றைக்கே வரச்சொல்லிப் பார்த்தார். "மேலே ஏற்ற வேண்டாம், கீழேயும் இறங்க வேண்டாம், அரையிலேயே நாலு வாரம் இருங்கள். தாங்க முடியாவிட்டால் முக்காலுக்குப் போகலாம்" என்றார். பத்து நாளில் நடுக்கம் நின்றது. மூன்றாம் வாரம் அம்மாவே காலைத் தேநீர் போட ஆரம்பித்தார். பகலில் சோபாவில் தலை தொங்குவது நின்றுவிட்டது. பசாரில் மீன்காரரிடம் சில்லறைக் கணக்கைச் சரியாகச் சொல்லித் திருத்தினாராம். தம்பி மனைவி போன் செய்து சொன்னாள், இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

இப்போது கால் மாத்திரைக்குப் போக வேண்டும். அம்மாவுக்குப் பயம். அரைக்கும் காலுக்கும் நடுவில் வெட்டினால் மாத்திரை தூளாகிறது.

---

எம்.ஏ. தம்பி | ஜூன் 28, இரவு 10.05

சில டாக்டர்கள் இந்த இடத்தில் டயாசெபாமுக்கு மாற்றுவார்கள். லோராசெபாம் 1 என்பது டயாசெபாம் 10-க்குச் சமம், அதனால் சின்னச் சின்னப் படியாகக் குறைக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

---

கவுண்டர் அக்கா | ஜூன் 29, காலை 6.50

கேட்கலாம், ஆனால் எனக்கு அதில் மனசு இல்லை. டயாசெபாம் வயதானவர் உடம்பில் நாள் கணக்கில் தங்கும். ராத்திரி சாப்பிட்டது மறுநாள் மதியமும் காலைத் தள்ளாடவைக்கும். ஏற்கெனவே விழுந்தவருக்கு நான் அஞ்சுவேன். அரையிலேயே இன்னும் ஒரு மாதம் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும்?

---

லோரி சேகர் | ஜூன் 29, இரவு 8.30

இதையெல்லாம் படித்த பிறகு மாமாவிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டது மூன்றே வாரமாம். ஒன்பது வருடத்துக்கு நான் சொன்னது பொருந்தவே பொருந்தாது. மன்னிக்கணும் அக்கா.

---

பால்மரத்து மகள் | செப்டம்பர் 14, இரவு 9.35

டாக்டர் டயாசெபாம் வேண்டாம் என்றார். ஆகஸ்டில் கால் மாத்திரைக்கு வந்தோம். நாலு ராத்திரி கஷ்டம், பிறகு பழகிவிட்டது. அம்மா அந்தக் கால் துண்டை விடமாட்டேன் என்கிறார். "இது தூக்கத்துக்கு இல்லம்மா, உங்கப்பாவுக்கு" என்கிறார். டாக்டர் இன்னும் முயற்சி செய்யலாம் என்கிறார். தம்பி போதும் என்கிறான். எனக்குத் தெரியவில்லை.

---

கவுண்டர் அக்கா | செப்டம்பர் 15, காலை 6.45

கால் துண்டும் மருந்துதான், விட்டால் நல்லதுதான். ஆனால் தீபாவளி வரைக்கும் நான் அதைத் தொடமாட்டேன். டாக்டர் அடுத்து மொத்தமாகப் பார்க்கும் நாளுக்குத் தேதி கொடுத்தாரா?

---

ராணியம்மா | செப்டம்பர் 15, காலை 7.20

என் பேத்தி எனக்குத் தேதி வாங்கிவிட்டாள். வரும் வியாழன். பையில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறேன், காலி உறையோடு.

---

பால்மரத்து மகள் | செப்டம்பர் 15, இரவு 8.10

மார்ச் மாதத்துக்கு வாங்கிவிட்டேன் அக்கா. டின் மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ராணியம்மா, வியாழக்கிழமை டாக்டர் நிற்கவைத்து பிரஷர் பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.